ஆயுத பூஜை ஆஃபர் எழுதுவது எப்படி: டூவீலர் ஆக்சஸரீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டூவீலர் ஆக்சஸரீஸ் கடைகளின் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும். மேலே வாழ்த்து, நடுவில் "50% வரை அதிரடித் தள்ளுபடி", கீழே கடைப் பெயர், ஓரத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது". படிக்கிற வண்டிக்காரருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. அவருக்கு வேண்டியது நான்கு பதில்கள்தான்: என் வண்டிக்கு வருமா, மொத்தம் எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் எடுக்கும், எப்போது வரைக்கும் கிடைக்கும். இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொன்னால் ஆஃபர் முக்கால்வாசி எழுதி முடித்தாயிற்று.

கடைக்கும் விளம்பர எழுத்துக்கும் புதிதாக வந்தவர்களுக்காக, ஒரே ஒரு ஆஃபரை எடுத்துத் தொடக்கத்திலிருந்து எழுதிப் பார்ப்போம். பொருள் ஸ்கூட்டர் செட்: சீட் கவர், கால் மேட், கைப்பிடி கிரிப் ஜோடி. காலண்டருக்கு 2025ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை; விஜயதசமி மறுநாள் வியாழன். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் மொத்த விலையைப் போட்டு இதே வழியில் கணக்குப் பாருங்கள்.

முதலில் வண்டிக்காரரின் வாரத்தைப் பாருங்கள்

பூஜைக்கு வண்டி எப்படித் தயாராகிறது என்று யோசித்தால் ஆஃபரின் தேதி தானாக வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலமோ பூஜையன்று காலையிலோ வாட்டர் வாஷ். பிறகு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சந்தனம் வைத்தபின் வண்டியை யாரும் கடைக்குக் கொண்டுவந்து சீட்டைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் வேலை வாட்டர் வாஷுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். "ஆயுத பூஜை அன்று சிறப்புச் சலுகை" என்று ஒருநாள் ஆஃபர் போடுகிற கடையில் காலையில் கூட்டம் வந்து காத்துக் கிடக்கும், பாதிப் பேர் கோபத்தோடு திரும்புவார்கள். மதியத்துக்கு மேல் கடைக்குள்ளேயே பூஜை வேலை தொடங்கிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈரமான சீட்டில் கவர் போடக்கூடாது. வாட்டர் வாஷ் முடிந்த சீட்டில் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே ஸ்பாஞ்சில் இறங்கியிருக்கும். மேலே கையை வைத்தால் காய்ந்தது போலத் தெரியும். அழுத்தினால்தான் தையல் ஓரத்தில் ஈரம் கசியும். அதன்மேல் புதுக் கவரை இழுத்துக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று, ஒரு வாரத்தில் வாடை வரும். வாடிக்கையாளர் கவர் மட்டம் என்று திருப்பிக் கொண்டுவருவார். ஆகவே "வாட்டர் வாஷுக்கு முன்பே வாருங்கள்" என்ற வரி ஆஃபரில் கட்டாயம் இருக்க வேண்டும். அது அவருடைய நன்மைக்கு, உங்கள் கூட்டத்தையும் நாட்களில் பிரித்துவிடும்.

ஸ்டிக்கரும் அப்படித்தான். ஒட்டும் இடம் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஒட்டிய மறுநாள் வரை பிரஷர் கன் தண்ணீர் படக்கூடாது. ஸ்டிக்கரையும் ஆஃபரில் சேர்ப்பதானால் பூஜைக்கு இரண்டு நாள் முன்பே முடிகிற மாதிரி தேதி கொடுங்கள்.

இந்தக் கணக்கில் 2025க்கு செப்டம்பர் 26 வெள்ளி முதல் 30 செவ்வாய் மாலை வரை, ஐந்து நாட்கள். நடுவில் ஒரு ஞாயிறு கிடைக்கிறது. மாதக் கடைசி என்பதால் செவ்வாயன்று சம்பளம் கைக்கு வந்தவர்கள் வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் கிழமையும் மாதத் தேதியும் மாறும். போன வருட ஆஃபரைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள்.

எத்தனை வண்டிக்குப் பொருத்த முடியும்?

சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். பூஜை வாரத்தில் முதலில் தீர்ந்துபோவது ஃபிட்டரின் நேரம். ரெடிமேட் சீட் கவருக்கு 10 நிமிடம், கால் மேட்டுக்கு 5, கிரிப்புக்கு 10. ஒரு வண்டிக்கு 25 நிமிடம் என்று வைப்போம். ஒரு ஃபிட்டர் ஒன்பது மணி நேரம் வேலை செய்தால் 540 நிமிடம், அதாவது 21 வண்டி. இரண்டு ஃபிட்டர் இருந்தால் 42. ஆனால் பல்ப், கண்ணாடி, ஹாரன் என்று நடந்து வருகிற வேலையும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினால் செட்டுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 28. ஐந்து நாளைக்கு 140.

இந்த 140ஐ ஆஃபரிலேயே எழுதுங்கள். "ஸ்டாக் உள்ளவரை" என்று எழுதினால் எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாக் கடையும் அதையே எழுதுவதால் யாரும் நம்புவதும் இல்லை. "மொத்தம் 140 செட்" என்றால் அவசரம் உண்மையான அவசரமாக இருக்கும். சட்டப்படியும் இதுதான் பாதுகாப்பு. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில், போதிய சரக்கில்லாமல் விலையைக் காட்டி ஆளை வரவழைக்கும் விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது. பத்து செட்டை வைத்துக்கொண்டு ஊருக்கே விளம்பரம் செய்வது அந்த வகையில்தான் சேரும்.

சீட்டையே பிரித்து, ரெக்ஸின் மாற்றி, பின் அடித்துத் தருகிற வேலையை இந்த வாரத்து ஆஃபரில் சேர்க்காதீர்கள். அது ஒரு வண்டிக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். கேட்டு வருகிறவர்களுக்குப் பூஜை கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள்.

விலையை எப்படிச் சொல்வது

நம் செட்டின் எம்.ஆர்.பி. சீட் கவர் 450, மேட் 250, கிரிப் 150, ஆக மொத்தம் 850 ரூபாய். கடையில் வழக்கமாக விற்கும் விலை 650. கொள்முதல் வரியோடு சேர்த்து 380. ஆஃபர் விலையாக 549 வைத்தால், கொள்முதல் போக 169 நிற்கும். அதில் பொருத்துக்கூலி 40, துடைக்கிற துணி ஒன்று இலவசமாகக் கொடுத்தால் 25. 18 சதவீத வரி என்று வைத்தால், விற்பனை வரிக்கும் கொள்முதல் வரிக்கும் உள்ள வித்தியாசமாகக் கட்ட வேண்டியது சுமார் 26. கடைசியில் ஒரு செட்டுக்கு 78 ரூபாய் மிஞ்சும். 140 செட்டும் போனால் 10,920. இந்தக் கணக்கைப் போடாமல் "499 என்றால் கேட்க நன்றாக இருக்கும்" என்று இறக்கியிருந்தால், வரியும் குறைவது போக, செட்டுக்கு 36 ரூபாய்தான் நின்றிருக்கும். ஒரு கவர் கிழிந்து மாற்றிக் கொடுத்தால் ஆறு செட்டின் லாபம் போய்விடும்.

இப்போது இதைச் சொல்லும் விதம். 850லிருந்து 549 என்றால் 35 சதவீதம் குறைவு. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் போன மாதம் இதே பொருட்களை 650க்கு வாங்கியவர். அவருக்கு 35 சதவீதம் என்ற எண் பொய்யாகத் தெரியும், அவர் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆக்சஸரீஸில் எம்.ஆர்.பி. ஏற்றியே அச்சாகும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் சொல்லுங்கள்: "கடையில் 650க்கு விற்பது, பூஜைக்கு 549." குறைவு 101 ரூபாய். எண் சிறியதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கண்ணால் பார்த்து நம்பக்கூடிய எண் அது.

"வரை" என்ற சொல்லை மிகவும் கவனமாகக் கையாளுங்கள். "50% வரை" என்று போட்டால், மூலையில் கிடக்கிற ஒரு பழைய மட்ஃப்ளாப்புக்கு மட்டும் 50 சதவீதம் இருக்கும். வந்தவர் கேட்ட பொருளுக்கு 10 இருக்கும். வாசலிலேயே வாக்குவாதம் தொடங்கும். "முதல்" என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. "சீட் கவர் 199 முதல்" என்றால், 199 ரூபாய்க் கவர் எந்த வண்டிக்கு என்பதை அடுத்த வரியிலேயே எழுத வேண்டும்.

"இலவசம்" என்பதும் அப்படியே. பொருத்துவது இலவசம் என்று எழுதிவிட்டு, ஃபிட்டர் தனியாக 30 ரூபாய் கேட்டால் அது இலவசம் ஆகாது. டீக் காசு என்று கேட்கும் பழக்கம் இருந்தால் ஆஃபர் தொடங்கும் முன் ஃபிட்டரோடு பேசி, அவர் பங்கைக் கூலியிலேயே சேர்த்துவிடுங்கள். மேலே 40 ரூபாய் வைத்தது அதற்காகத்தான். ஆஃபரில் "பொருத்துக்கூலி இல்லை" என்று எழுதினால் "ஃபிட்டிங் இலவசம்" என்பதைவிடத் தெளிவாக இருக்கும். கூலி என்ற சொல்லைப் பார்த்ததுமே எந்தச் செலவு இல்லை என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

எந்த வண்டிக்கு என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"அனைத்து வண்டிகளுக்கும்" என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகச் சண்டையை இழுத்துவருகிற வரி. கிரிப் பெரும்பாலான ஸ்கூட்டருக்கு ஒன்றாக இருக்கும். கால் மேட் அப்படி இல்லை, மாடலுக்கு மாடல் வெட்டு மாறும். ஒரே பெயருள்ள வண்டியிலேயே பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் வளைவு வேறு. மேட் அரை அங்குலம் பெரிதாக இருந்தால் ஓரம் தூக்கிக்கொண்டு செருப்பு தட்டும். சிறிதாக இருந்தால் நகர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி ஸ்கூட்டர்களில் ஃபுட்போர்டின் வடிவமே கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

ஆகவே கையில் உள்ள சரக்கை எண்ணி, போதிய அளவு இருக்கும் மாடல்களை மட்டும் ஆஃபரில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ். மற்றவர்கள் மாடல் பெயரையும் வாங்கின வருடத்தையும் அனுப்பட்டும், இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். "இல்லை" என்று வாட்ஸ்அப்பிலேயே சொல்லிவிட்டால் வீண் அலைச்சலுக்கு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பால், பூ, காய்கறி ஏற்றுகிற எக்ஸ்எல் வண்டிக்காரருக்கு இந்தச் செட் எதற்கும் ஆகாது. அவருக்குத் தேவை கேரியரும் கொக்கியும். அவருக்கென்று தனியாக இரண்டு வரி எழுதி, அந்த எண்களுக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் திணித்தால் யாருமே முழுக்கப் படிப்பதில்லை.

செய்தியை எழுதுவது

இவ்வளவும் முடிவான பிறகு எழுத உட்காருங்கள். வாட்ஸ்அப்புக்கு இப்படி வரும்:

```
*ஆயுத பூஜை ஸ்கூட்டர் செட் ரூ.549*
சீட் கவர் + கால் மேட் + கைப்பிடி கிரிப் (ஜோடி)
கடையில் 650க்கு விற்பது. பொருத்துக்கூலி இல்லை. 25 நிமிட வேலை.

ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் வண்டிகளுக்கு.
மற்ற ஸ்கூட்டருக்கு மாடலும் வருடமும் அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம்.

செப். 26 வெள்ளி முதல் 30 செவ்வாய் மாலை 7 மணி வரை. மொத்தம் 140 செட்.
வாட்டர் வாஷுக்கு முன்னாடியே வாங்க. ஈர சீட்டில் கவர் போட முடியாது.
வர்ற நாளும் நேரமும் பதில்ல சொன்னா காத்திருக்க வேண்டாம்.
```

இதன் கீழே கடைப் பெயர், அடையாளத்தோடு முகவரி, போன் எண். வாழ்த்து வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வரி போதும். முதல் வரியில் வாழ்த்தை வைத்தால், அறிவிப்பில் தெரிகிற இரண்டு வரியும் அதிலேயே போய்விடும். அன்றைக்கு வருகிற நாற்பது வாழ்த்துகளில் ஒன்றாக நினைத்து, திறக்காமலே விட்டுவிடுவார்கள். தலைப்பின் இருபக்கமும் உள்ள நட்சத்திரக் குறி வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிமனாக்கும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

"வாகன உரிமையாளர்களே" என்று தொடங்க வேண்டாம். அது ஆர்.டி.ஓ. அலுவலக அறிவிப்பின் தொனி. கடையில் எல்லோரும் சொல்வது வண்டி, வண்டிக்காரர். எழுதும்போதும் வண்டி என்றே எழுதுங்கள். "வாங்க, அனுப்புங்க" என்ற பேச்சு மரியாதை வாட்ஸ்அப்புக்குப் பொருந்தும். வாசல் போர்டில் "வாருங்கள்" என்றே இருக்கட்டும். ஒரே செய்தியில் இரண்டையும் கலந்தால் கண்ணை உறுத்தும்.

ப்ராட்காஸ்ட் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பில் போடும்போதே "நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க" என்று கேட்டு வைப்பது இதற்காகத்தான்.

எஸ்.எம்.எஸ். அனுப்புவதானால் செய்தியின் வார்ப்புருவை, டெலிகாம் கம்பெனிகள் நடத்துகிற டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், பூஜை வாரத்தில் தொடங்கினால் முடியாது. அளவும் சிறியது. தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 இடம்தான். புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனி இடமாக எண்ணப்படும். கீழே உள்ள வரி 69 இடம் பிடிக்கிறது:

```
ஆயுத பூஜை: ஸ்கூட்டர் சீட் கவர்+மேட்+கிரிப் ரூ.549. பொருத்தித் தருவோம்
```

கடைப் பெயருக்குக்கூட இடமில்லை. பெயரையும் தேதியையும் சேர்த்தால் இரண்டு எஸ்.எம்.எஸ்.ஸாகக் கணக்காகும். அப்போது ஒவ்வொன்றுக்கும் 67 இடம்தான், மொத்தம் 134. செலவும் இரட்டிப்பாகும்.

வாசல் போர்டு வேறு விதம். சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் எட்டு மீட்டர் கடந்துவிடுவார். மூன்று நொடியில் படித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள்: "ஸ்கூட்டர் செட் ரூ.549, பொருத்தித் தரப்படும், செவ்வாய் வரை". எட்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். அம்மன் படத்தை, சரஸ்வதி படத்தை நோட்டீசிலும் கவரிலும் அச்சடிக்காதீர்கள். அது தெருவில் விழுந்து மிதிபடும். படம் இருப்பதால் குப்பையில் போடவும் மனம் வராமல் மக்கள் சங்கடப்படுவார்கள். மாலை போட்ட ஸ்கூட்டர் படம் போதும். அது எல்லா மதத்து வண்டிக்காரருக்கும் பொருந்தும்.

ஆஃபரில் சேர்க்கக் கூடாதவை

ஃபேன்சி நம்பர் பிளேட், பல குரல் ஹாரன், சத்தம் போடும் சைலன்சர் ஆகியவற்றைப் பூஜை ஆஃபரில் போடாதீர்கள். மூன்றும் மோட்டார் வாகன விதிகளுக்கு மாறானவை. விழா முடிந்த மறுவாரம் அபராதம் கட்டுகிறவர் உங்கள் வாடிக்கையாளர். ஹெல்மெட் சேர்த்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது மட்டும். 2021 ஜூன் முதல் முத்திரையில்லாததை விற்பதே குற்றம். இலவசப் பரிசாகக் கொடுத்தாலும் மட்டமான ஹெல்மெட் வேண்டாம்.

எல்.இ.டி. விளக்கு விற்பதானால் "வயர் வெட்டாமல் கப்ளரில் பொருத்துவோம்" என்ற வரியைச் சேருங்கள். வயரை வெட்டினால் கம்பெனி வாரண்டி போய்விடும் என்ற பயம் புது வண்டிக்காரர்களிடம் இருக்கிறது. அந்த ஒரு வரியே விற்றுத் தரும். ஆனால் உண்மையிலேயே கப்ளர் வைத்த சரக்கு கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சொன்னதைச் செய்து கொடுப்பது

பொருத்தித் தருகிறோம் என்று எழுதியதால் பொறுப்பும் உங்களுடையது. இந்தச் செட்டில் கவனம் முழுக்க வலது கிரிப்பில் இருக்க வேண்டும். கிரிப் சற்று நீளமாக இருந்து சுவிட்ச் பெட்டியை உரசினால் ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது. கூட்டத்தில் அவசரமாக மாட்டும்போது இது நடக்கும். மாட்டி முடித்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். 'டக்'கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பி ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை அதேபோல் பாருங்கள். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ கிரிப்பைக் கழற்றி ஓரத்தை வெட்டி மறுபடி மாட்டுங்கள். எண்ணெய் தடவி நுழைக்கவே கூடாது. ஓட்டும்போது கிரிப் கையோடு சுழலும். சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

வண்டியைக் கொடுக்கும்போது, வாட்டர் வாஷில் சீட்டுத் தையல் மேல் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

செட் தீர்ந்துவிட்டால் அந்த நிமிடமே போர்டைக் கழற்றி, ஸ்டேட்டஸை அழித்து, "140 செட்டும் முடிந்தது, செட் இனி 650" என்று போடுங்கள். நேரம் குறித்து வைத்தவர்களுக்கு மட்டும் 549 தொடரட்டும். செவ்வாய் இரவு ஏழரைக்கு ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்பதைக் கடையில் எல்லோரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால் அதுதான் தெருவெல்லாம் பேச்சாகும்.

விஜயதசமியன்று புது வண்டி எடுப்பவர்கள் வேறு கூட்டம். அவர்களுக்குச் செட் விலை முக்கியமில்லை. வண்டியில் முதல் கீறல் விழக் கூடாது என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கும். அந்தச் செய்தியில் பாடி கவரும் சைடு கார்டும் முதல் வரியில் வரட்டும், நாள் அடுத்த ஒரு வாரம் என்று இருக்கட்டும்.